‘வருகிறேன்’ என்று இன்றே சொல்ல முடியாதபோது: தேதி குறித்த ஒரு பதில்

வாசகர் கேள்வி

அங் மோ கியோவில் நான் வளர்ந்த புளோக்கில் பக்கத்து வீட்டில் இருந்த மாமாவின் மகளுக்கு ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை திருமணம். காலையில் சிராங்கூன் சாலைக் கோயிலில் முகூர்த்தம், இரவு 7 மணிக்கு ஹோட்டலில் விருந்து. மாமாவும் அத்தையும் வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தார்கள். விருந்துக்கு வருவதை ஜூலை 31க்குள் தெரிவிக்கும்படி அதில் அச்சிட்டிருக்கிறது. நான் மருத்துவமனையில் தாதி. அந்த வாரத்துக்கான பணிப்பட்டியல் ஆகஸ்ட் 7 அன்று மாலைதான் கைக்கு வரும். “நாலு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிடு, முடியாவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் என் கணவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. வரவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. உறுதியில்லாத ஒரு பதிலை மரியாதை குறையாமல் எப்படி எழுதுவது?

— தாதி ஒருவர், ஈசூன்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குச் சரியாகப் படாதது சரிதான். உங்கள் கணவர் சொல்லும் வழி வேண்டாம். திருமண விருந்துகளை ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். கடைசி மூன்று வாரங்களில் விருந்தினர் பட்டியலை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டார் படும் பாட்டைப் பக்கத்திலிருந்தே பார்க்கிறேன். “வரவில்லை” என்று நேரத்தோடு சொன்னவர்களால் அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. “வருகிறோம்” என்று சொல்லிவிட்டு வராதவர்களால் பணம் போகிறது. “பார்க்கிறோம்” என்று சொன்னவர்களால் தூக்கம் போகிறது. நீங்கள் எழுதப்போகும் பதில் இந்த இரண்டையும் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியும்.

முதலில் உங்கள் வீட்டிலேயே பேசி முடிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நால்வரில் யாருடைய வருகை உறுதியில்லை? உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுடையது மட்டும்தான் என்று தெரிகிறது. உங்களுக்கு வேலை வந்துவிட்டாலும் உங்கள் கணவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விருந்துக்குப் போவாரா? இதை அவரிடம் கேட்டு இன்றே முடிவு செய்யுங்கள். போவார் என்றால், உங்கள் குடும்பத்தின் பதிலில் மூன்று இடம் இப்போதே உறுதி, ஒன்று மட்டும் நிலுவை. நான்கு இடங்களையும் சேர்த்து அந்தரத்தில் விடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஹோட்டல் விருந்தில் மேசைக்குப் பெரும்பாலும் பத்துப் பேர். நான்கு பேர் தெரியவில்லை என்றால் ஒரு மேசையில் கிட்டத்தட்டப் பாதி தெரியவில்லை என்று பொருள். ஒருவர் தெரியவில்லை என்றால் அதே மேசையில் நெருக்கியோ தளர்த்தியோ சமாளித்துவிடுவார்கள். கணவர் உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டார் என்றால் அதையும் மறைக்காமல் நான்கு இடமும் உறுதியில்லை என்றே எழுத வேண்டும். அரைகுறையாக “நாங்கள் வருவோம், நான் மட்டும் பார்க்கிறேன்” என்று எழுதிவிட்டுக் கடைசியில் நால்வருமே வராமல் போவதுதான் மோசம்.

காலை முகூர்த்தத்தையும் இரவு விருந்தையும் பிரித்துப் பாருங்கள். கோயிலில் நடக்கும் திருமணத்துக்கு இத்தனை பேர் என்று பெயர் குறித்து இருக்கை போடுவதில்லை. சாப்பாட்டுக்கும் ஓர் உத்தேசக் கணக்குத்தான் கொடுப்பார்கள். வருபவர்கள் பந்தியிலோ பஃபேயிலோ சாப்பிட்டுக்கொள்வார்கள். ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. எனவே காலைக்கு நீங்கள் தேதி போட்டு வாக்குக் கொடுக்கத் தேவையே இல்லை. உங்கள் பதிலில் காலை முகூர்த்தத்துக்கு ஒரு வரி போதும். எண்ணிக்கை, பெயர்ப் பட்டியல், மேசை எண் எல்லாம் இரவு விருந்துக்குத்தான். உங்கள் கவனம் முழுக்க அதில் இருக்கட்டும்.

இனி தேதி. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தங்களுக்கு எப்போது தெரியவரும் என்பதை மட்டும் பார்த்து, அந்த நாளையே வாக்காகக் கொடுத்துவிடுகிறார்கள். எதிர்த் தரப்பிலும் ஒரு தேதி இருக்கிறது. பத்திரிகையில் அச்சிட்ட ஜூலை 31 கல்யாண வீட்டார் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட நாள். ஹோட்டலுக்கு இறுதி எண்ணிக்கை கொடுக்க வேண்டிய நாள் வேறு. அது வழக்கமாக விருந்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாக இருக்கும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அந்த நாளுக்குப் பிறகு ஆள் குறைந்தாலும் சொன்ன எண்ணிக்கைக்குப் பணம் கட்டியாக வேண்டும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது. அது எவ்வளவு என்று நீங்கள் ஊகிக்கக் கூடாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாரிடம் கேட்பது? பத்திரிகை வைத்தது மாமா என்றாலும், பட்டியல் அவரிடம் இருக்காது. அநேகமாக மணப்பெண்ணின் அண்ணனோ அக்காவோ கைப்பேசியில் வைத்திருப்பார். அத்தைக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போட்டு, “அத்தை, விருந்துக்கு ஆள் கணக்கை ஹோட்டலுக்கு எப்போது கொடுக்கிறீர்கள்? பட்டியலை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் அத்தை சலித்துக்கொள்ள மாட்டார். அவர் வேலையை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியும். ஹோட்டலுக்கு ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை சொல்ல வேண்டும் என்று அத்தை பதில் சொன்னதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் பணிப்பட்டியல் ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை மாலை வருகிறது. அதில் 23ஆம் தேதி உங்களுக்கு ஓய்வு நாள் என்றிருந்தால் கதை முடிந்தது, அன்றே சொல்லிவிடலாம். காலை ஷிஃப்ட் என்றாலும் மாலையில் விருந்துக்குப் போய்விடலாம். பிற்பகல் ஷிஃப்ட் என்றால், வேலை முடிய இரவு 9 மணி ஆகும்போது விருந்து பாதி முடிந்திருக்கும். அப்போது உடன் வேலை செய்யும் ஒருவருடன் ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முயல்வீர்கள். அதற்கு இரண்டு நாளாவது வேண்டும், வார்டு மேலாளரின் சம்மதமும் வேண்டும். இந்த ஆண்டு தேசிய தினம் ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதனால் மறுநாள் திங்கள் பொது விடுமுறை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மேலாளர் விடுப்பில் இருக்கலாம், தோழியும் ஜொகூர் பாருக்குப் போயிருக்கலாம். எனவே “10ஆம் தேதி சொல்கிறேன்” என்று வாக்குக் கொடுத்தால் உங்கள் கையில் இல்லாத காரணத்தால் அது பொய்த்துப்போகும். செவ்வாய் 11 சரியான நாள். அன்று மேலாளர் வேலைக்குத் திரும்பிவிடுவார். மாமா வீட்டாருக்கு 13 வரை இன்னும் இரண்டு நாள் இருக்கும். அந்த இரண்டு நாள் அவர்களுக்கு மிகவும் தேவை. மேசை எண் போட்டுப் பெயர்களை அடுக்குவது, யாரை யாரோடு உட்காரவைப்பது என்று வாக்குவாதம் செய்வது எல்லாம் அப்போதுதான் நடக்கும்.

அத்தை சொல்லும் நாள் 13 ஆக இல்லாமல் 10 ஆக இருந்தால்? அப்போது உங்கள் வாக்கு ஆகஸ்ட் 8, சனிக்கிழமைக்குள் இருக்க வேண்டும். ஷிஃப்டை மாற்றும் முயற்சிக்கு அதில் நேரம் இல்லை. பணிப்பட்டியல் எப்படி வருகிறதோ அதுதான் முடிவு. ஹோட்டல் இறுதி எண்ணிக்கையை 7ஆம் தேதிக்கு முன்பே கேட்டுவிட்டால், தற்காலிகமாக ஏற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. விருந்துக்கு வர இயலாது என்று சொல்லிவிட்டு, காலையில் கோயிலுக்குப் போக முடிந்தால் போய் மணமக்களை வாழ்த்திவிட்டு வாருங்கள். எதிர்த் தரப்பின் தேதிக்குப் பிறகு தெரியவரும் விஷயத்துக்கு யாரையும் காத்திருக்கச் சொல்லக் கூடாது.

பணிப்பட்டியல் தயாராவதற்கு முன்பே உங்கள் வார்டில் ஓய்வு நாள் கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் இருந்தால், பதில் எழுதுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். கேட்காமலேயே “வேலை நேரம் தெரியவில்லை” என்று எழுதினால் அதில் முழு நேர்மை இல்லை.

இப்போது பதிலுக்கு வருவோம். ஜூலை 31 வரை காத்திருக்காமல், அத்தையிடம் பேசிய அன்றே பட்டியல் வைத்திருப்பவருக்கும் மாமாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“மாமா, அத்தை, வணக்கம். வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆகஸ்ட் 23 காலை முகூர்த்தத்துக்கு வீட்டிலிருந்து வந்துவிடுவார்கள், எனக்கு வேலை இல்லாவிட்டால் நானும் வருவேன். இரவு விருந்துக்கு அவரும் பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள், அந்த மூன்று இடமும் உறுதி. என் ஒரு இடம் மட்டும் இப்போது உறுதியில்லை, அந்த வாரத்துக்கான பணிப்பட்டியல் ஆகஸ்ட் 7 அன்றுதான் வருகிறது. நான் வருகிறேனா இல்லையா என்பதை ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்குள் நானே தெரிவித்துவிடுகிறேன். அதற்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்பே இடம் தேவைப்பட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள். மூத்தவளுக்கும் எனக்கும் சைவ உணவு.”

இதில் எதை வேண்டுமானாலும் உங்கள் பேச்சு வழக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். சில இடங்களை மட்டும் மாற்றாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அழைப்பை ஏற்றுக்கொள்வதில் எந்த நிபந்தனையும் இல்லை. முதல் இரண்டு வரியைப் பாருங்கள். மகிழ்ச்சி, முகூர்த்தத்துக்கு வீட்டார் வருவது, எல்லாம் முழு மனத்தோடு சொன்னவை. தாம்பூலத்தோடு பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டபோதே அழைப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். உறுதியில்லாதது விருந்தில் ஓர் இருக்கை மட்டுமே. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து “வர ஆசைதான், ஆனால் வேலை எப்படி அமையுமோ” என்று எழுதினால், படிப்பவருக்குத் தயக்கம்தான் முதலில் கண்ணில் படும். மூத்தவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும்.

காரணம் ஒரே வரியில் இருக்கிறது. பணிப்பட்டியல் இன்ன தேதி வருகிறது, அவ்வளவுதான். ஆள் பற்றாக்குறை, போன முறை ஷிஃப்ட் மாற்றிக் கேட்டபோது நடந்தது என்றெல்லாம் நீட்ட வேண்டாம். காரணம் நீளும்போது படிப்பவர் அதை வராமல் இருப்பதற்கான முன்னேற்பாடாக எடுத்துக்கொள்வார். தேதியோடு கூடிய ஒரு காரணத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

“முயற்சி செய்கிறேன்”, “வரப் பார்க்கிறேன்”, “கண்டிப்பாக வர முயல்கிறேன்” ஆகியவை இந்தப் பதிலில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நம்மிடையே மங்கல காரியத்துக்கு அழைக்க வந்தவரிடம் “வரவில்லை” என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அதனால் வர விரும்பாதவர்களும் “பார்க்கிறேன்” என்றுதான் சொல்கிறார்கள். உண்மையிலேயே முடிவு தெரியாத உங்களைப் போன்றவர்களும் அதையே சொன்னால், கேட்பவர் எப்படிப் பிரித்தறிவார்? உங்கள் மேல் பாசமுள்ள மாமா அதை “வருகிறாள்” என்று எடுத்துக்கொள்வார். பட்டியல் வைத்திருக்கும் அவர் மகன் “வரமாட்டார்கள்” என்று எடுத்துக்கொள்வார். இப்படித் தந்தையும் மகனும் ஒரே பெயருக்கு வெவ்வேறு குறி போட்டு வைத்திருந்த பட்டியல்களை நான் எத்தனையோ முறை சரிசெய்து கொடுத்திருக்கிறேன். “உறுதியில்லை” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, எப்போது உறுதியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

தேதியைக் கிழமையோடும் மணியோடும் எழுதியிருக்கிறேன். “அடுத்த வாரம் சொல்கிறேன்” என்றால் எழுதிய நாளைப் பொறுத்து அதற்கு இரண்டு பொருள் வரும். “11ஆம் தேதிக்குள்” என்று மட்டும் எழுதினால் 11 சேர்த்தியா இல்லையா என்று சந்தேகம் வரும். “செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்குள்” என்றால் வராது. கிழமையும் எண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று நாட்காட்டியில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். கிழமை ஒன்று, தேதி ஒன்று என்று வரும் பதில்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. அப்போது நான் திரும்பவும் அழைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

“நானே தெரிவித்துவிடுகிறேன்” என்பதில் உள்ள ‘நானே’ முக்கியம். கல்யாண வீட்டார் உங்களைத் துரத்திக் கேட்க வேண்டியதில்லை என்பதை அந்த ஒரு சொல் உறுதிப்படுத்துகிறது. அது இல்லாமல் “11ஆம் தேதி தெரியும்” என்று எழுதினால், அன்றைக்கு உங்களிடம் கேட்க வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில் விழும். கல்யாண வேலைக்கு நடுவே அந்த வேலையும் சேர்ந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

இந்தப் பதிலிலேயே எல்லாவற்றையும்விட அவசியமானது அடுத்த வரி. தகவல் வராவிட்டால் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது. பலர் இதை எழுதக் கூசுகிறார்கள். தங்களைத் தாங்களே வெட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது என்று சொல்கிறார்கள். கல்யாண வீட்டார் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். செவ்வாய் இரவு 9 மணி ஆகிவிட்டது, உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உங்களுக்கு வார்டில் அவசர வேலை இருந்திருக்கலாம், கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். இந்த வரி இல்லையென்றால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. இடத்தை வைத்திருந்தால் பணம் வீணாகலாம். எடுத்துவிட்டால் நீங்கள் வந்து நிற்கும்போது சங்கடம். அழைத்துக் கேட்டால் நெருக்குவதாக நீங்கள் நினைப்பீர்களோ என்ற தயக்கம் வேறு. இந்த வரி இருந்தால் மணி 9 ஆனதும் பேனாவை எடுத்து உங்கள் பெயரை அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். முடிவெடுக்கும் பாரத்தை அவர்களிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

அதற்கு அடுத்த வரியும் அதே நோக்கத்தோடு வந்ததுதான். மலேசியாவிலிருந்து வரும் உறவினர் ஒருவர் திடீரென்று ஒரு இடம் கேட்கலாம். உங்கள் தேதி வரும்வரை மாமா கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடுகிறீர்கள். இதை வெறும் பேச்சுக்கு எழுதாதீர்கள். 5ஆம் தேதி அவர் மகன் அழைத்து, “அக்கா, இடம் நிரம்பிவிட்டது, உங்கள் இடத்தைக் கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்டால், முகம் கோணாமல் கொடுத்துவிடத் தயாராக இருங்கள்.

சைவ உணவு பற்றிய கடைசி வரியை உறுதி சொல்லும் நாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம். இப்போதே சொல்லிவிட்டால், 11ஆம் தேதி நீங்கள் அனுப்பும் பதில் ஒரே சொல்லில் முடியும், அவர்களும் எதையும் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

இதை அனுப்பிய பிறகு என்ன நடக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். மாமா அழைப்பார். “அதெல்லாம் எதற்கம்மா இந்தக் கணக்கு? நீ நம் வீட்டுப் பிள்ளை. உன் இடத்தைப் போட்டுவிட்டேன், வந்து சேர்” என்பார். பாசத்தில் சொல்வது அது. அதைக் கேட்டு மனம் நெகிழ்ந்து, உங்கள் தேதியைக் கைவிட்டுவிடாதீர்கள். “சரி மாமா, வேலை அமைந்தால் முதல் ஆளாக வந்து நிற்பேன். இருந்தாலும் 11ஆம் தேதி தம்பியிடம் சொல்லிவிடுகிறேன், அவனுக்குக் கணக்கு நேராக இருக்கும்” என்று சொல்லுங்கள். பிறகு தம்பிக்கு, அதாவது பட்டியல் வைத்திருப்பவருக்கு, “அப்பா என்ன சொன்னாலும் என் பதில் 11ஆம் தேதிதான் வரும், அதுவரை என் பெயருக்கு எதிரே கேள்விக்குறியே இருக்கட்டும்” என்று ஒரு வரி போடுங்கள். மாமாவின் மனமும் குளிரும், பட்டியலும் தப்பாது.

இனி அந்த நாள். மூன்றில் ஒன்று நடக்கும்.

7ஆம் தேதி மாலையே ஓய்வு நாள் என்று தெரிந்துவிட்டால் 11 வரை காத்திருக்காதீர்கள். “மாமா, 23 எனக்கு ஓய்வு நாள். விருந்துக்கு நானும் வருகிறேன், மொத்தம் நான்கு பேர்” என்று அன்றே அனுப்புங்கள். மொத்த எண்ணிக்கையைத் திரும்பச் சொல்வது அவசியம். “நானும் வருகிறேன்” என்று மட்டும் எழுதினால் முன்பு சொன்ன மூன்றில் நீங்களும் சேர்த்தியா என்று பட்டியல்காரர் பழைய பதிலைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

முடியவில்லை என்று தெரிந்தால், அதையும் அதே தெளிவோடு எழுதுங்கள்: “மாமா, அத்தை, 23 எனக்குப் பிற்பகல் ஷிஃப்ட். மாற்றிக்கொள்ள முயன்றும் முடியவில்லை. விருந்துக்கு என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவரும் பிள்ளைகளும் மூன்று பேர் வருகிறார்கள். காலையில் முகூர்த்தம் முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக வேலைக்குப் போவேன், உங்களை அங்கே பார்க்கிறேன்.” இதோடு அத்தைக்கு ஒரு அழைப்பும் போடுங்கள். வர இயலாது என்பதை மூத்தவர்களுக்கு எழுத்தில் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நம் வழக்கத்துக்கு ஒட்டாது.

மூன்றாவதுதான் சிக்கலானது. 11ஆம் தேதி இரவு 8 மணி ஆகிவிட்டது, பணிப்பட்டியல் தாமதமாகிவிட்டது அல்லது மேலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கே முடிவு தெரியாது. அப்போதும் சொன்ன நேரத்துக்குள் பதில் போக வேண்டும், அந்தப் பதில் “இல்லை” என்றுதான் இருக்க வேண்டும். “இன்னும் இரண்டு நாள் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்டால் மாமா மறுக்க மாட்டார், அதனாலேயே கேட்கக் கூடாது. “மாமா, எனக்கு இன்னும் வேலை நேரம் தெரியவில்லை. சொன்னபடி என் இடத்தை எடுத்துவிடுங்கள், மூன்று பேர் மட்டும்” என்று எழுதிவிடுங்கள். அவர்களாகவே, “பரவாயில்லை, வியாழன் காலை வரை பொறுக்கிறோம்” என்று சொன்னால் அதை ஒருமுறை ஏற்றுக்கொள்ளலாம். அப்போதும் நாளும் மணியும் குறித்து, அன்று தகவல் வராவிட்டால் இல்லை என்ற பழைய ஏற்பாட்டையே திரும்பச் சொல்லுங்கள். இரண்டாம் முறை நீட்டிக்க வேண்டாம்.

கைப்பேசியில் இரண்டு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். 7ஆம் தேதி மாலைக்கு ஒன்று, 11ஆம் தேதி மதியத்துக்கு ஒன்று. இரவு 9 மணிக்கு வைக்காதீர்கள். அன்றைக்கு உங்களுக்கே பிற்பகல் ஷிஃப்ட் இருந்தால் அந்த நேரத்தில் வேலையை ஒப்படைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்த முறை எல்லா அழைப்புக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போக வேண்டாம் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்ட அழைப்புக்குத் தேதி போட்டுப் பதில் எழுதினால் அது ஏமாற்று. அப்படிப்பட்டவர்கள் 11ஆம் தேதி ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுவார்கள். அதைவிட இன்றே நன்றி சொல்லி, இயலாது என்று எழுதுவது நல்லது. அன்றன்றைக்கு மருத்துவமனையிலிருந்து அவசர அழைப்பு வரலாம் என்ற நிலையில் உள்ளவர்களுக்கும் இது உதவாது. அவர்களுக்கு எந்தத் தேதியிலும் உறுதி பிறக்காது. அவர்கள் வருவதாகச் சொல்லிவிட்டு, அவசரம் வந்தால் எழுந்துபோக நேரும் என்று முன்கூட்டியே தெரிவித்து வைக்கலாம். அல்லது இருக்கை தேவைப்படாத காலை முகூர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் வருவதாக உறுதி சொன்ன பிறகு, 13ஆம் தேதி தாண்டி, வார்டில் யாரோ நோயுற்று உங்களை அந்த மாலைக்கு அழைத்துவிட்டால் அப்போது பணம் மிச்சமாகாது. இருந்தாலும் தெரிந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். அந்த இருக்கையில் வேறு ஒருவரை உட்காரவைக்கவாவது அவர்களுக்கு நேரம் கிடைக்கும். அந்தத் தகவலைப் பட்டியல் வைத்திருக்கும் தம்பியிடம் சொல்லுங்கள். திருமணத்தன்று காலையில் மாமாவையோ அத்தையையோ அதற்காக அழைக்க வேண்டாம். அவர்களிடம் மறுநாள் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.